புள்ளி தொலைந்த தாள்

அன்புள்ள வாசகர்களுக்கு,

போன மாதம் நம் அலுவலக மாடியில் நடந்த பிழை திருத்தும் வகுப்புக்கு வந்திருந்தவர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்று இரண்டரை மணி நேரம் பேசினேன். அதில் யாருக்கும் பெரிய குறை இல்லை. குறையெல்லாம் நான் கையில் கொடுத்த தாளைப் பற்றித்தான்.

இடைவேளையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, இது 'தந்தப் பலகை'யா, 'தந்தப பலகை'யா? நான் கண்ணாடியை மாத்தணுமா, நீங்க தாளை மாத்தணுமா?" என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். ப் என்ற எழுத்தின் மேலே இருந்த புள்ளியைக் காணோம். தந்த பலகை என்றால் யாரோ கொடுத்த பலகை. தந்தப் பலகை என்றால் யானைத் தந்தத்தால் ஆன பலகை. அந்த ஒரு புள்ளிக்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வந்திருந்தவர்களிடம், புள்ளியே இல்லாத தாளைக் கொடுத்திருக்கிறேன்.

அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். எழுத இடம் இல்லாததால் ஓரங்களில் குறுக்காகவும், ஸ்லைடுகளுக்கு நடுவே இருந்த சந்துகளிலும், கடைசியில் பின்பக்கத்திலுமாக எழுதியிருந்தார். எந்தக் குறிப்பு எந்த விதிக்கு உரியது என்று அவருக்கே தெரியவில்லை.

நடந்தது இதுதான். வகுப்புக்காகப் பவர்பாயின்ட்டில் 34 ஸ்லைடுகள் செய்திருந்தேன். முந்தின நாள் இரவு, ஒரு பக்கத்துக்கு ஆறு ஸ்லைடு என்று பிரின்ட் கொடுத்து, ஒரு பிரதியை எடுத்துப் போய் மற்றவற்றை ஜெராக்ஸ் போட்டுவிட்டேன். இப்போதைய ஸ்லைடு கிட்டத்தட்ட 34 சென்டிமீட்டர் அகலம். ஏ4 தாளில் ஒரு வரிசைக்கு இரண்டு வைத்தால், ஒவ்வொன்றும் எட்டு சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிடும். அதாவது நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. திரையில் நான் 24 பாயின்ட்டில் அடித்திருந்த எழுத்து, தாளில் ஆறு பாயின்ட்டைக்கூட எட்டவில்லை. நம் பத்திரிகையில் கட்டுரைகளின் எழுத்து 11 பாயின்ட். ஆங்கிலம் ஆறு பாயின்ட்டிலும் தட்டுத்தடுமாறித் தப்பிவிடும். தமிழில் கி, கீ இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரு சிறு சுழிதான். மெய்க்கும் உயிர்மெய்க்கும் நடுவே இருப்பது ஒரு புள்ளிதான். சுருக்கும்போதும் ஜெராக்ஸ் எடுக்கும்போதும் முதலில் காணாமல்போவது அவைதான்.

"பக்கத்துக்கு மூன்று ஸ்லைடு வைத்திருக்கலாமே, பக்கத்தில் கோடெல்லாம் தானாக வருமே" என்று இளைஞர் ஒருவர் சொன்னார். உண்மைதான். பிரின்ட் பக்கத்தில் "3 Slides" என்று தேர்ந்தெடுத்தால், இடப்பக்கம் ஸ்லைடும் வலப்பக்கம் எழுதுகோடுகளும் வரும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடுகளுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் ஸ்லைடின் அகலம் அதே எட்டு சென்டிமீட்டர் அளவில்தான் நிற்கும். எழுத்து ஒரு மயிரிழைகூடப் பெரிதாகாது. 34 ஸ்லைடுக்குப் பன்னிரண்டு பக்கம் போகும். அதில் "நன்றி" என்று மட்டும் எழுதிய ஸ்லைடுக்கும் எழுதுகோடு இருக்கும்! வல்லினம் மிகா இடங்களின் நெடும் பட்டியலுக்கும் அதே எண்ணிக்கைக் கோடுகள்தான்.

இன்னொரு கூத்தும் நடந்திருந்தது. திரையில் முதலில் "அந்த பையன்" என்று தவறாகக் காட்டி, ஒரு சொடுக்கில் அதன்மேலேயே "அந்தப் பையன்" என்று சரியானதை வரவைத்திருந்தேன். கூடத்தில் கைதட்டல்கூட விழுந்தது. தாளுக்கு அசைவு ஏது? இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக அச்சாகி, இரண்டையும் படிக்க முடியாமல் போனது. மிகுந்து வரும் ஒற்றைச் சிவப்பில் காட்டியிருந்தேன். கறுப்பு வெள்ளையில் சிவப்பும் சாம்பல், மற்ற எழுத்தும் சாம்பல்.

அடுத்த ஞாயிறு அதே வகுப்பு இரண்டாம் அணிக்கு இருந்தது. இந்த முறை ஸ்லைடுகளைச் சுருக்குவதை விட்டுவிட்டு, தாளைப் புதிதாகவே கட்டினோம். எப்படி என்று பலர் கேட்டு எழுதியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் நம் வாசகர்களில் நிறையப் பேர்.

முதலில் 34 ஸ்லைடுகளையும் மேசைமேல் பரப்பி, தாளுக்கு எது வேண்டாம் என்று பார்த்தோம். தலைப்பு, என் அறிமுகம், இன்றைய நிகழ்ச்சி நிரல், பகுதி பிரிக்கும் மூன்று ஸ்லைடுகள், நன்றி என்று ஏழு போயின. மிச்சம் 27. அவையும் 27 விஷயங்கள் அல்ல. திரையில் இடம் பற்றாமல் ஒரே விதியை இரண்டு மூன்று ஸ்லைடுகளாக உடைத்திருந்தேன். அவற்றைத் திரும்பச் சேர்த்தபோது பன்னிரண்டு விதிகள்தான் இருந்தன. ஸ்லைடு என்பது திரைக்கான அளவு. எழுதுகிறவருக்கு அலகு விதி. ஒரு விதி, அதன் எடுத்துக்காட்டு, அதன் விலக்கு, அதற்கான எழுதுகோடு ஆகியவை ஒரு கட்டு. இந்தக் கட்டை உடைக்கக் கூடாது என்பதை மட்டும் முடிவுசெய்துகொண்டால், பக்கம் எங்கே முறிய வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடுகிறது.

உரையைத் திரும்ப அடிக்க வேண்டியதில்லை. விண்டோஸ் பவர்பாயின்ட்டில் "File", "Export", "Create Handouts" என்று போனால் வேர்டுக்கு அனுப்பும் வழி இருக்கிறது. படத்தோடு கோடு, படத்தோடு குறிப்பு என்று பல வகை காட்டும். நாங்கள் எடுத்தது "Outline only". படமில்லாமல் உரை மட்டும் வரும். இதில் ஒரு பொறி உண்டு; நான் அதில் விழுந்தேன். ஸ்லைடின் சொந்தச் சட்டங்களில் அடித்த உரை மட்டும்தான் வரும். நாமாகத் தனியே ஒரு "Text Box" வரைந்து அடித்தது வராது. என் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அப்படி வரைந்தவைதான். விதிகள் வந்தன, எடுத்துக்காட்டுகள் வரவில்லை. அனுப்புவதற்கு முன் "View" பட்டியில் "Outline View" திறந்து பாருங்கள். அங்கே இடப்பக்கம் தெரியாதது வேர்டிலும் தெரியாது.

இரண்டாவது பொறி தமிழுக்கே உரியது. நாலு ஸ்லைடுகள் நண்பர் ஒருவர் தந்தவை, பாமினியில் அடித்தவை. பவர்பாயின்ட்டில் அழகாகத் தெரிந்த "தமிழ்" என்ற சொல், வேர்டில் `jkpo;` என்று வந்து நின்றது. பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு மாறியதும் வேஷம் கலைந்துவிடும். யூனிகோடுக்கு மாற்றியபின் ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்த்தோம்.

எழுதுகிற இடத்துக்கு வருவோம். எவ்வளவு இடம் விடுவது? எல்லா விதிக்கும் எட்டுக் கோடு என்று சமமாகக் கொடுப்பது எளிது, ஆனால் அது சோம்பல். முதல் வகுப்பில் தாளை எங்களிடம் விட்டுப்போன சிலருடைய பிரதிகளைப் பார்த்தோம். எந்த இடத்தில் எழுத்து நெருக்கியடித்துக்கொண்டு கிடந்ததோ, அங்கே இடம் கூட்டினோம். "எட்டு, பத்து என்ற எண்களுக்குப் பின் மிகும், எட்டுத்தொகை, பத்துப்பாட்டு" என்ற விதிக்கு யாரும் எதுவும் எழுதவில்லை. கேட்டதும் பிடிபட்டுவிடுகிறது. ஆனால் வினைத்தொகையில் ஏன் மிகாது என்ற இடத்தில், ஊறுகாய், சுடுசோறு என்று ஆளாளுக்கு எழுதிக் குவித்திருந்தார்கள். கரும்பலகையில் நான் கூடுதலாக எழுதியது அங்கேதான் அதிகம்.

கோடுகளுக்கு நடுவே உள்ள தூரம் எங்களை ஒரு மாலை முழுக்கச் சண்டைபோட வைத்தது. முதலில் ஏழு மில்லிமீட்டர் விட்டோம். தாள் கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. எங்கள் பிழை திருத்துநர் அக்காவிடம் கொடுத்து, நான் பேசுகிற வேகத்தில் எழுதச் சொன்னோம். மூன்றாவது வரியிலேயே மேல் வரியின் "கூ" கீழ் வரியின் "கி"யோடு முட்டிக்கொண்டது. தமிழ் எழுத்துக்கு மேலேயும் கிளை, கீழேயும் வால். ஒன்பது மில்லிமீட்டர் ஆக்கியதும் கை தாராளமாக ஓடியது. அழகை விட்டுக்கொடுத்தோம்.

கோட்டை எப்படிப் போடுவது என்பதும் முக்கியம். அடிக்கோட்டுச் சாவியை அழுத்தி அழுத்தி வரி வரியாகப் போடக் கூடாது. எழுத்தளவு மாறினால் வரி உடைந்து அடுத்த வரியில் துண்டு விழும். "Enter" தட்டி வெற்றிடம் விடுவது அதைவிட மோசம். ஒரே நெடுவரிசை கொண்ட அட்டவணை போட்டு, ஒவ்வொரு வரிக்கும் கீழ்க்கோடு மட்டும் வைத்து, மற்ற கோடுகளை எடுத்துவிடுங்கள். "Table Properties" உள்ளே "Row" பகுதியில் உயரத்தை 0.9 செ.மீ. என்று கொடுத்து, "Exactly" என்று வைத்தால் அது நகராது. வெளிர் சாம்பல் கோடு போதும். கறுப்புக் கோடு எழுத்தோடு மல்லுக்கட்டும்.

இனி ஒரு பக்கத்தின் கணக்கைப் பாருங்கள். ஏ4 தாளின் உயரம் 297 மி.மீ. மேலும் கீழும் 20 விட்டால் 257 மிஞ்சும். பக்கத்துக்கு இரண்டு விதி என்றால் ஒவ்வொன்றுக்கும் 128. அதில் தலைப்புக்குப் பத்து. 12 பாயின்ட்டில் தமிழ் அடித்தால் ஒரு வரி ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் பிடிக்கும். விதிக்கு மூன்று வரி என்றால் 18. நாலு எடுத்துக்காட்டுகளுக்கு இடைவெளியோடு 28. மிச்சம் 72. ஒன்பதால் வகுத்தால் எட்டுக் கோடு. இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான், எடுத்துக்காட்டு எட்டு வைத்திருந்த இடத்தில் நாலாகக் குறைக்கத் துணிந்தேன். மற்ற நாலையும் வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம், அவர்களே எழுதிக்கொள்ளட்டும். எல்லாவற்றையும் நாமே அச்சடித்துக் கொடுத்தால் கோடு எதற்கு?

பக்க முறிவில் நான் செய்த முதல் தவறு எல்லோரும் செய்வது. ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் "Ctrl+Enter" அடித்தேன். மறுநாள் ஒரு விதியில் ஒரு வரி சேர்த்தேன். பக்கம் நிரம்பி, கடைசிக் கோடு மட்டும் அடுத்த பக்கத்துக்குத் தாவியது; அதன்பின் நான் போட்ட முறிவு இருந்ததால் அந்தப் பக்கம் முழுக்க வெறுமை. இதை இரவு பதினொரு மணிக்குக் கண்டுபிடித்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முறிவை நாமே வெட்டுவதைவிட, எவை சேர்ந்திருக்க வேண்டும் என்று வேர்டிடம் சொல்லிவைப்பது நல்லது. "Paragraph" உள்ளே "Line and Page Breaks" என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே "Keep with next" என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பத்தி அடுத்ததைக் கைவிடாது. தலைப்புக்கு, விதிக்கு, எடுத்துக்காட்டுகளுக்கு எல்லாம் அதைக் கொடுத்தோம். கோட்டு அட்டவணையின் வரிகளுக்கும் கொடுத்தோம், கடைசி வரியைத் தவிர. அந்தக் கடைசி வரி முக்கியம். அதற்கும் கொடுத்துவிட்டால் இந்தக் கட்டு அடுத்த விதியின் கட்டோடு பிணைந்துவிடும், அது அதற்கடுத்ததோடு. சங்கிலி ஒரு பக்கத்தைவிட நீண்டதும் வேர்டு கைவிரித்துவிட்டு, தோன்றிய இடத்தில் உடைத்துவிடும். தலைப்பு ஒரு பக்கமும் விதி மறுபக்கமுமாகக் கிடந்தால், எங்கேயோ சங்கிலியை மூட மறந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

இப்படிக் கட்டினால் சில பக்கங்களின் அடியில் நாலைந்து சென்டிமீட்டர் வெறுமையாக நிற்கும். புத்தகத்தில் அது உறுத்தும். இங்கே அது இனாம். அந்த இடத்தில் இன்னும் நாலு கோடு சேர்த்துவிட்டோம்.

"Page break before" என்ற குறியை மூன்று தலைப்புகளுக்கு மட்டும் கொடுத்தோம். ஏன் மூன்று? தாள் இருபுறமும் அச்சாகி, இடப்பக்கம் பின் அடிக்கப்படும். புரட்டினால் இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் எதிரெதிரே விரியும். வேற்றுமையில் மிகும் இடங்களும் மிகா இடங்களும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பது என் ஆசை. "புத்தகத்தைப் படித்தான்" இடப்பக்கம் இருக்க, "புத்தகம் படித்தான்" வலப்பக்கம் இருந்தால் விளக்கமே தேவையில்லை. ஆகவே மிகும் இடங்கள் இரண்டாம் பக்கத்தில்தான் தொடங்க வேண்டும். மூன்றில் தொடங்கிவிட்டால் அதன் இணை தாளின் முதுகுக்குப் போய்விடும். முதல் பக்கத்தில் பெயர் எழுதும் பட்டையும் இரண்டு சிறு விதிகளும். இரண்டிலும் மூன்றிலும் இந்த இரண்டு பெரிய விதிகள், ஆளுக்கொரு முழுப் பக்கம். நாலிலிருந்து ஏழு வரை எட்டு விதிகள், பக்கத்துக்கு இரண்டாக. எட்டில் பயிற்சி. ஆக இரண்டு, நாலு, எட்டு ஆகிய மூன்று இடங்களில்தான் கட்டாய முறிவு. மொத்தம் நாலு தாள். 34 ஸ்லைடை மூன்று மூன்றாக அடித்திருந்தால் ஆறு தாள் ஆகியிருக்கும்.

எட்டாம் பக்கத்தில் மட்டும் எழுதுகோடே கிடையாது. பிழைகள் நிறைந்த ஒரு பத்தி, வரிக்கு வரி ஒரு விரல் அகலம் இடைவெளி விட்டு. பிழை திருத்துகிறவர் எழுதுவது பத்திக்குக் கீழே அல்ல, வரிகளுக்கு நடுவேதானே? முதலில் அதற்கும் வழக்கம்போல் கீழே கோடு போட்டுவைத்திருந்தோம். அக்காதான் சிரித்துவிட்டு, "ப்ரூஃப் பாக்குறவங்க தனியா பேப்பர்ல எழுதிட்டிருந்தா பத்திரிகை எப்ப வெளிய வர்றது சார்?" என்றார்.

சிவப்பு ஒற்றைத் தடித்த எழுத்தாக்கி அடிக்கோடிட்டோம். பின் அடிக்கும் ஓரத்துக்கு 25 மி.மீ., வெளி ஓரத்துக்கு 18 என்று விட்டு, "Mirror margins" வைத்தோம். அதை மறந்தால் தாளின் பின்பக்கத்தில் எழுத்து பின்னுக்குள் புகுந்துவிடும்.

அச்சுக்குப் போன கதையையும் சொல்லிவிடுகிறேன். பென் டிரைவில் வேர்டு கோப்பையே எடுத்துப் போனேன். கடைக்காரர் கணினியில் எங்கள் எழுத்துரு இல்லை. வேறொன்று வந்து உட்கார்ந்தது, அது சற்று அகலம். எட்டுப் பக்கம் ஒன்பதாயிற்று. ஒன்பதாவதில் மூன்றே வரி. நல்ல வேளையாக, "சார், ஒம்பதா காட்டுதே, அடிச்சிரவா?" என்று அவரே கேட்டார். வீட்டுக்கு ஓடி, பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுவந்தேன். அதிலும் அச்சுப் பெட்டியில் "Fit" என்று இருந்ததை "Actual size" ஆக மாற்றச் சொன்னேன். இல்லாவிட்டால் ஒன்பது மில்லிமீட்டர் சத்தமில்லாமல் சுருங்கியிருக்கும். ஒரே ஒரு பிரதி அடித்து, அளவுகோல் வைத்துக் கோட்டை அளந்து, புள்ளிகளைப் பார்த்த பிறகுதான் மற்றவை.

இரண்டாம் வகுப்புக்கும் அந்த ஆசிரியை வந்திருந்தார். புதிய தாளை வாங்கி, முதல் வேலையாக "தந்தப் பலகை"யைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுத ஆரம்பித்தார். முடிவில் தாளை எனக்குக் காட்டினார். ஏழாம் பக்கத்தில் எட்டுக் கோடும் தீர்ந்து, ஓரத்தில் ஏறியிருந்தார். "சில, பல"வுக்குப் பின் மிகாது என்ற விதி அது. "சிலப்பதிகாரம் மட்டும் எப்படி?" என்று யாரோ கேட்க, சிலம்பு வேறு, சில வேறு என்று கால் மணி நேரம் பேசிவிட்டேன். கரும்பலகை நிறைந்தது, அதற்கான இடம்தான் தாளில் இல்லை.

மூன்றாம் அணிக்கான தாளில் அந்த விதிக்குப் பன்னிரண்டு கோடு போட்டிருக்கிறோம். கூடவே இருந்த விதியிலிருந்து நாலைப் பிடுங்கித்தான். முதல் வகுப்புக்கு வந்தவர்கள் பழைய தாளைக் கொண்டுவந்தால் புதியதைப் பெற்றுக்கொள்ளலாம். பழையதைத் தூக்கிப் போட்டவர்களும் வரலாம். உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

அன்புடன்,
ஆசிரியர்